மஞ்சள் காமாலையும் பிலிருபினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் காமாலை என்றாலே கல்லீரல் கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த மஞ்சளை உண்டாக்குவதே கல்லீரல்தானா?

இரண்டும் இல்லை. கண்ணிலும் தோலிலும் தெரியும் அந்த மஞ்சள் பொருளின் பெயர் பிலிருபின். அது பெரும்பாலும் மண்ணீரலில் உருவாகிறது. எலும்பு மஜ்ஜையிலும், கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் விழுங்கு செல்களிலும் கொஞ்சம் உருவாகும். கல்லீரலின் வேலை அதை உண்டாக்குவதல்ல, ரத்தத்திலிருந்து எடுத்து வெளியேற்றுவது.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலின் விழுங்கு செல்கள் பிடித்துச் சிதைக்கின்றன. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் பிரியும்போது புரதப் பகுதி அமினோ அமிலங்களாகத் திரும்பப் பயன்படுகிறது, இரும்பும் வீணாவதில்லை. மிச்சம் இருப்பது ஹீம் என்ற வளையம். ஒரு நொதி அந்த வளையத்தை உடைத்தால் பச்சை நிறப் பிலிவெர்டின் வருகிறது. இன்னொரு நொதி அதை மஞ்சள் நிறப் பிலிருபினாக மாற்றுகிறது. இந்த மாற்றத்தை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அடிபட்ட இடத்தில் ரத்தம் கன்றி முதலில் கருநீலமாக இருக்கும், சில நாளில் ஓரங்கள் பச்சையாகும், பிறகு மஞ்சளாகி மறையும். மண்ணீரலில் அன்றாடம் நடப்பதுதான் அங்கே தோலுக்கடியில் நடக்கிறது.

பெரியவர் ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிருபின் உருவாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு வயதான சிவப்பணுக்களிலிருந்து வருவது. இவ்வளவு உருவாகியும் ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறது என்றால், வரும் வேகத்திலேயே கல்லீரல் அதை அப்புறப்படுத்துகிறது என்று பொருள். வரத்து கூடினாலும் காமாலை வரும், கல்லீரல் தளர்ந்தாலும் வரும், வெளியேறும் வழி அடைபட்டாலும் வரும். அதனால் காமாலையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிலிருபின் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதே.

ரிப்போர்ட்டில் டோட்டல், டைரக்ட், இன்டைரக்ட் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

டோட்டல் எவ்வளவு என்று பார்த்த பிறகு, அதில் டைரக்ட் எத்தனை பங்கு என்று பாருங்கள். தேக்கம் எங்கே என்பதற்கான பாதிப் பதில் அதில் இருக்கிறது.

மண்ணீரலில் உருவாகும் பிலிருபின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தனியாக ரத்தத்தில் மிதந்து போக அதனால் முடியாது. அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. ரிப்போர்ட்டில் இன்டைரக்ட் என்று வருவது இந்தப் பிலிருபின்தான்.

கல்லீரல் செல் அல்புமினை வெளியிலேயே விட்டுவிட்டு பிலிருபினை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே ஒரு நொதி, அதைச் சுருக்கமாக யு.ஜி.டி. என்பார்கள், பிலிருபினோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்க்கிறது. குளுக்குரோனிக் அமிலம் சர்க்கரையிலிருந்து வருவது. அது சேர்ந்ததும் பிலிருபின் தண்ணீரில் கரையும் பொருளாகிவிடுகிறது. இதுதான் டைரக்ட் பிலிருபின். மூன்றாவதாக, செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப், ஆற்றலைச் செலவழித்து அதைப் பித்த நுண்குழாய்க்குள் தள்ளுகிறது.

இரண்டையும் பிரித்து அளக்கும் முறை 1916-இல் வான் டென் பெர்க் என்ற டச்சு மருத்துவர் காட்டிய வழியில் வந்தது. ரத்தச் சீரத்தில் டயஸோ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், கரையும் பிலிருபின் உடனே நிறம் மாறும். கரையாதது நிறம் மாற ஆல்கஹால் சேர்க்க வேண்டும். உடனே மாறியது எவ்வளவு, பிறகு மாறியது எவ்வளவு என்பதே ரிப்போர்ட்டில் வரும் பிரிவு.

நடைமுறையில் டோட்டல் உயர்ந்து, அதில் டைரக்ட் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், கல்லீரல் பிலிருபினைக் கரையும்படி மாற்றும் படிக்கு முன்பே எங்கோ தேக்கம். பாதிக்கு மேல் டைரக்ட் என்றால், மாற்றும் வேலை நடந்துவிட்டது, வெளியேற்றுவதில்தான் சிக்கல். இடைப்பட்ட எண் வந்தால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. மலம் வெளுத்துப் போகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. குடலுக்குப் போக வேண்டிய பிலிருபின் அங்கே போகாமல் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

வழக்கமாக பித்தத்தோடு குடலுக்கு வரும் பிலிருபினைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் யூரோபிலினோஜன் என்ற நிறமற்ற பொருளாக மாற்றுகின்றன. அதில் பெரும்பகுதி மேலும் மாறி மலத்துக்குப் பழுப்பு நிறம் தருகிறது. மலத்தின் நிறம் சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல. அடிப்படைப் பழுப்பு பிலிருபினுடையது. யூரோபிலினோஜனில் ஒரு சிறு பங்கு குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு கல்லீரலுக்கே திரும்புகிறது. அதிலும் மிகச் சிறிய அளவு கல்லீரலிடமிருந்து தப்பி, சிறுநீரில் வெளியேறுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரிலும் இது கொஞ்சம் இருக்கும்.

ஆனால் பிலிருபின் அப்படி இருக்காது. ஆரோக்கியமானவரின் சிறுநீரைச் சோதித்தால் பிலிருபின் தென்படாது. அல்புமினைப் பற்றியிருக்கும் கரையாத பிலிருபினால் சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்ட முடியாது. கரையும் பிலிருபினால் தாண்ட முடியும். ஆகவே சிறுநீரில் பிலிருபின் இருந்தால், கல்லீரல் அதை மாற்றிவிட்டது, ஆனால் வெளியேற்ற முடியவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு சிறுநீர்ப் பட்டைச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீர் அடர் மஞ்சளாகும். ஒரு தெளிவான பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். வெறும் அடர்ந்த சிறுநீர் என்றால் நுரை வெள்ளையாக வரும். பிலிருபின் கலந்திருந்தால் நுரையும் மஞ்சளாக இருக்கும். இது ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல. சோதனைக்குப் போவதா என்று தயங்குபவருக்குப் போதுமான சாட்சி.

ரத்தம் உடைவதால் வரும் காமாலையில் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் மஞ்சளாகிறது?

வரத்து கூடிவிடுவதால். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சிதைந்தால் சுமார் 35 மில்லிகிராம் பிலிருபின் கிடைக்கும். வழக்கமாக ஒரு நாளில் சிதைவது ஏறக்குறைய 6 கிராம். பரம்பரைச் சிவப்பணுக் கோளாறு, தன் அணுக்களையே எதிர்க்கும் நோயெதிர்ப்பு, மலேரியா போன்றவற்றில் இது பல மடங்காகும்.

நல்ல கல்லீரலுக்குக் கையிருப்புத் திறன் அதிகம். அதனால் ரத்தம் உடைவது மட்டுமே காரணம் என்றால், தொடர்ந்து உடைந்துகொண்டிருந்தாலும் டோட்டல் பிலிருபின் பெரும்பாலும் 4 அல்லது 5-ஐத் தாண்டாது. 12, 15 என்று வந்தால், கூடவே கல்லீரலிலோ பித்தநாளத்திலோ இன்னொரு சிக்கலும் இருக்கிறது என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போது அடிக்கடி அகப்படுவது பித்தப்பைக் கல். பிலிருபின் பித்தத்தில் அதிகமாகச் சேர்ந்தால் கருநிறக் கற்கள் உருவாகும். ரத்தம் உடையும் நோயோடு வளர்ந்த இளைஞருக்குச் சின்ன வயதிலேயே பித்தக்கல் வருவது இதனால்தான்.

இந்தக் காமாலையில் தேங்குவது கரையாத பிலிருபின். அதனால் சிறுநீரில் பிலிருபின் வராது. ஆனால் குடலுக்குப் போகும் அளவு கூடியிருப்பதால் யூரோபிலினோஜன் சிறுநீரில் அதிகமாகும், மலம் வெளுக்காது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்தும், இளம் சிவப்பணுக்கள் கூடியும், ஹேப்டோகுளோபின் என்ற புரதம் குறைந்தும் காணப்படும்.

ஹெப்பாடைட்டிஸ் வந்தால் கல்லீரல் செல்களே பழுதாகின்றன. அப்படியிருக்க பிலிருபினைக் கரையும்படி மாற்ற முடியாமல் இன்டைரக்ட்தானே கூட வேண்டும்? என் ரிப்போர்ட்டில் டைரக்ட் அதிகமாக இருக்கிறதே?

மிக நல்ல கேள்வி. கல்லீரல் செல் செய்யும் மூன்று படிகளில், அதாவது உள்ளிழுப்பது, மாற்றுவது, பித்தத்துக்குள் பம்ப் செய்வது ஆகியவற்றில், மிகவும் நெருக்கடியான படி மூன்றாவது. செல் நலிந்தால் முதலில் தடுமாறுவது அந்தப் பம்ப்தான். மாற்றும் நொதி கடுமையான ஹெப்பாடைட்டிஸிலும் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே மாற்றப்பட்ட பிலிருபின் வெளியேற வழியில்லாமல் செல்லிலிருந்து ரத்தத்துக்கே கசிகிறது. அதோடு வீங்கிய செல்கள் இடையே ஓடும் நுண்குழாய்களை நசுக்கவும் செய்கின்றன. இரண்டும் சேர்ந்து டைரக்ட் கூடுகிறது, கூடவே இன்டைரக்டும் ஓரளவு கூடுகிறது.

இதனால் ஹெப்பாடைட்டிஸின் உச்சத்தில் சில நாள் மலம் வெளுத்துக்கூடப் போகலாம். மலம் வெளுத்தாலே குழாய் அடைப்புதான் என்று தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இங்கே வழிகாட்டுவது எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதிகள். கல்லீரல் செல் உடையும்போது இவை ரத்தத்தில் சிந்துகின்றன. வைரஸ் ஹெப்பாடைட்டிஸில் இந்த எண்கள் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம்.

எஸ்.ஜி.பி.டி. 1800-லிருந்து 300-க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் கல்லீரல் தேறிவிட்டதா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதைப் பலரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை என்ற தலைப்பில் வந்தாலும் எஸ்.ஜி.பி.டி. செயல்பாட்டைக் காட்டுவதில்லை, சேதத்தைக் காட்டுகிறது. சேதம் நின்றாலும் அது இறங்கும். சேதமாக இனி செல்கள் மிச்சமில்லை என்றாலும் இறங்கும்.

கல்லீரல் வேலை செய்கிறதா என்று அறிய, அது உற்பத்தி செய்யும் பொருளைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் சிலவற்றின் ஆயுள் சில மணி நேரமே. ஆகவே கல்லீரல் சோர்ந்தால் ஓரிரு நாளிலேயே புரோத்ரோம்பின் நேரம் நீளும், அதன் கணக்கான ஐ.என்.ஆர். கூடும். அல்புமினையும் கல்லீரல்தான் செய்கிறது. ஆனால் அதன் ஆயுள் மூன்று வாரத்துக்கு நெருக்கம் என்பதால், திடீர் நோயில் அது உடனே குறைந்து காட்டாது. நாள்பட்ட நோயில்தான் அதன் எண் பேசும்.

எஸ்.ஜி.பி.டி. இறங்கி, பிலிருபினும் இறங்கி, ஐ.என்.ஆர். சரியாகிவந்தால் உண்மையிலேயே தேறுகிறார். எஸ்.ஜி.பி.டி. இறங்க இறங்க பிலிருபின் ஏறி, ஐ.என்.ஆரும் ஏறினால் அது ஆபத்தான அறிகுறி. அதோடு தூக்கக் கலக்கமோ, பேச்சில் குழப்பமோ சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

அடைப்புக் காமாலை என்பதை மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

விளக்கத்துக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 48, பெண். வலது மேல் வயிற்றில் இரண்டு நாளாக விட்டுவிட்டு வலி, முதுகுப் பக்கம் பரவுகிறது. இரண்டாம் நாள் சிறுநீர் கருத்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. நான்காம் நாள் மலம் களிமண் நிறத்தில் போனது, உடம்பெல்லாம் அரிப்பு.

இந்த வரிசையே நிறையச் சொல்கிறது. டைரக்ட் பிலிருபின் ரத்தத்தில் சிறிது கூடியதுமே சிறுநீரில் இறங்கத் தொடங்கும். கண் மஞ்சளாக டோட்டல் 2.5 அல்லது 3 ஆக வேண்டும். அதனால் சிறுநீர் முந்திக்கொள்கிறது. மலம் பின்தங்குவதற்குக் காரணம், அடைப்பு விழும் முன்பே குடலில் இருந்த பழுப்பு மலம் முதலில் வெளியேற வேண்டும்.

ரிப்போர்ட்டில் டோட்டல் பிலிருபின் 7.8, டைரக்ட் 6.2. நான்கில் மூன்று பங்குக்கு மேல் டைரக்ட். சிறுநீரில் பிலிருபின் இருக்கிறது, யூரோபிலினோஜன் இல்லை. குடலுக்குப் பிலிருபின் போகவே இல்லை என்றால் அது உருவாக வழியில்லை. எஸ்.ஜி.பி.டி. 210, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 480. பின்னது பித்தக் குழாய்ச் செல்களோடும் கல்லீரல் செல்லின் பித்தப் பக்கச் சவ்வோடும் தொடர்புடைய நொதி. பெரியவருக்கு 120-130 வரை இருக்கலாம் என்கிற ஆய்வகத்தில் அது 480 என்றால், அடைப்பை நோக்கிக் கை காட்டுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பெண் வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்திலேயே வந்திருந்தால் எண்கள் தலைகீழாக இருந்திருக்கலாம். கல் திடீரென வந்து அடைக்கும்போது எஸ்.ஜி.பி.டி. சில நூறுகளுக்கு உடனே எகிறும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் செல்லிலிருந்து வெறுமனே சிந்துவதில்லை. அடைப்பின் தூண்டுதலால் செல்கள் புதிதாக உற்பத்தி செய்துதான் அது கூடுகிறது. அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். முதல் நாள் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஹெப்பாடைட்டிஸ் என்று எண்ணிவிட இடம் உண்டு. மறுநாள் திரும்பச் சோதித்தால் எஸ்.ஜி.பி.டி. வேகமாகச் சரிவது தெரியும்.

ஐ.என்.ஆர். 1.7 என்று வருகிறது. கல்லீரல் சோர்ந்துவிட்டதா? இங்கே பித்த உப்புகளை நினைவுகொள்ள வேண்டும். கொழுப்பையும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் குடல் உறிஞ்சப் பித்த உப்புகள் வேண்டும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது. அது இல்லாமல் கல்லீரலால் உறைதல் புரதங்களை முழுமையாகச் செய்ய முடியாது. ஊசி மூலம் வைட்டமின் கே கொடுக்கிறார்கள். மறுநாள் ஐ.என்.ஆர். 1.1. மூலப்பொருள் கிடைத்ததும் வேலை நடந்துவிட்டது. ஆகவே கல்லீரல் நலமாகவே இருக்கிறது. ஊசிக்குப் பிறகும் 1.7-லேயே நின்றிருந்தால் செல்களே பழுதாகியிருக்கின்றனவா என்று சந்தேகிக்க வேண்டியிருந்திருக்கும்.

அல்ட்ராசவுண்டில் பொதுப் பித்தநாளம் 11 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது. வழக்கமாக 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கீழ் முனையில் ஒரு கல். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுக்கிறார்கள். ஓரிரு நாளில் மலத்தின் நிறம் திரும்புகிறது, அரிப்பும் தணிகிறது.

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. ஆனால் எனக்குக் காமாலையே இல்லையே?

பித்தப்பை ஒரு பக்கக் கிளைதான். கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் நேர்வழி பொதுப் பித்தநாளம். கல் பித்தப்பைக்குள்ளேயே இருக்கும் வரை பித்தம் நேர்வழியில் ஓடிக்கொண்டே இருக்கும். அது நழுவிப் பொதுநாளத்தில் விழுந்தால்தான் காமாலை.

வலியே இல்லாமல் காமாலை வந்தால் நல்லதுதானே?

இல்லை. நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்கு வலியில்லாமல் மெல்ல மெல்ல ஏறும் காமாலை, அரிப்பு, எடை குறைவு என்று வந்தால், கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தநாளத்திலோ கட்டி அழுத்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கல் பெரும்பாலும் நகர்ந்து நகர்ந்து அடைக்கும், அதனால் காமாலை ஏறி இறங்கும். கட்டி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். நாட்டு மருந்தோ மாத்திரையோ சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று இங்கே கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அறுவைக்கான வாய்ப்பைக் குறைக்கும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், காமாலை மூன்றும் சேர்ந்தால் அது வேறு அவசரம். அடைபட்ட நாளத்துக்குள் கிருமித் தொற்று பரவுகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல வருடமாக என் பிலிருபின் 2-ஐச் சுற்றியே இருக்கிறது. மற்ற எண்கள் எல்லாம் சரி. பட்டினி கிடந்தால் கண் மஞ்சளாகிறது. கல்லீரல் மெல்லக் கெடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இன்டைரக்ட் மட்டும் கூடி, நொதிகளும் ஹீமோகுளோபினும் இளம் சிவப்பணு எண்ணிக்கையும் இயல்பாக இருந்தால், அது கில்பர்ட் என்ற பிறவித் தன்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூற்றில் ஐந்து பேருக்காவது இது இருக்கிறது.

பிலிருபினைக் கரையும்படி மாற்றும் யு.ஜி.டி. நொதி இவர்களுக்குப் பழுதில்லாமல்தான் இருக்கிறது, அளவுதான் குறைவு. அதன் மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரு சிறு மாறுபாடு இருப்பதால், இயல்பான செயல்திறனில் ஏறக்குறைய 30 சதவீதமே கிடைக்கிறது. அன்றாட வரத்தைச் சமாளிக்க அது கிட்டத்தட்டப் போதும். பட்டினி, காய்ச்சல், கடும் உடலுழைப்பு, தூக்கமின்மை ஆகிய நாட்களில் பிலிருபின் 3 வரை ஏறி, தானே இறங்கும். கல்லீரலுக்கு இதனால் சேதம் கிடையாது, சிகிச்சையும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகளும் இதே நொதி வழியாகத்தான் வெளியேறுகின்றன; புற்றுநோய்க்குத் தரும் ஐரினோடெக்கான் அவற்றில் ஒன்று. புதிய சிகிச்சை தொடங்கும்போது உங்களுக்கு கில்பர்ட் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தை மஞ்சளாகிவிட்டது. எல்லாக் குழந்தைக்கும் வரும் என்கிறார்கள். பயப்படாமல் இருக்கலாமா?

எந்த நாளில் வந்தது என்பதைப் பொறுத்தது. இரண்டாம், மூன்றாம் நாளில் தெரிந்து, ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் மறைந்தால், மாதம் நிறைந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் இயல்பானது.

கருவில் இருக்கும்போது குழந்தையின் பிலிருபினை வெளியேற்றுவது தாயின் கல்லீரல். கரையாத பிலிருபினால்தான் நஞ்சுக்கொடியைக் கடக்க முடியும். அதனால் குழந்தையின் கல்லீரலில் மாற்றும் நொதி பிறக்கும்போது மிகக் குறைந்த அளவிலேயே இருக்கிறது, பெரியவருக்கு இருப்பதில் நூறில் ஒரு பங்கு போல. தொப்புள்கொடியை வெட்டியதும் வேலை முழுவதும் அந்தக் கல்லீரலின் மேல் விழுகிறது. சிவப்பணுக்களோ பெரியவரைவிட அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. போதாததற்கு, குடலுக்குள் போன பிலிருபினை அங்கிருக்கும் ஒரு நொதி மீண்டும் கரையாததாக்கிவிட, அது திரும்ப உறிஞ்சப்படுகிறது. முதல் நாட்களில் பால் போதாமல் மலம் சரியாகப் போகாத குழந்தைக்குக் காமாலை கூடுவது இதனால்தான். அடிக்கடி பால் கொடுப்பதே முதல் மருந்து.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பானது அல்ல. தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் அணுக்கள் வேகமாக உடைவது போன்ற காரணம் இருக்கலாம். கரையாத பிலிருபின் அல்புமின் தாங்கும் அளவை மீறினால் மூளைக்குள் புகுந்து நிரந்தரச் சேதம் செய்யும். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடலை வில்லாக வளைத்தாலோ, குரல் கீச்சென்று அழுதாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள்.

ஒளிச்சிகிச்சை பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், வெளிச்சம் பட்ட தோல் வெளிறியும், துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருந்த ஒரு குறைமாதக் குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். அங்கிருந்து பிறந்தது இந்தச் சிகிச்சை. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, தோலில் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் தண்ணீரில் கரையும். கல்லீரல் நொதியின் உதவி இல்லாமலே அது பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஜன்னலோர வெயிலில் காட்டுவது இதற்கு ஈடாகாது. தேவையான ஒளி போதுமான அளவு கிடைக்காது, குழந்தை சூடாகிவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால், கட்டாயம் டைரக்ட் பிலிருபினைச் சோதிக்கச் சொல்லுங்கள். துணியில் படும் மலம் வெளுத்திருந்தால் அதைப் படம் எடுத்துக் காட்டுங்கள். பித்தநாளம் உருவாகாமலோ அடைபட்டோ போகும் நோயில், 60 நாட்களுக்குள் அறுவை செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடுகிறதே என்று அசட்டையாக இருந்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. முதல் வாரங்களில் இந்தக் குழந்தைகள் நலமாகவே தெரிவார்கள்.

தோல் மஞ்சளாக இருக்கிறது, கண் வெள்ளையாகவே இருக்கிறது. காமாலையா?

பெரும்பாலும் இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் எலாஸ்டின் என்ற நார்ப்பொருள் அதிகம், அது பிலிருபினை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதனால் காமாலை அங்கேதான் முதலில் தெரியும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சளாகி, கண் தெளிவாக இருந்தால் கரோட்டின் நிறைந்த காய்கறிகளை மிகுதியாகச் சாப்பிட்டிருக்கலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கடியில் எல்லாக் கண்ணும் மஞ்சள்தான்.

கல்லை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. சிறுநீர் தெளிந்துவிட்டது. கண் மட்டும் இன்னும் மஞ்சள். உள்ளே மறுபடி அடைப்பா?

சிறுநீர் தெளிந்து, மலம் பழுப்பாகி, அரிப்பும் நின்றிருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு. நீண்ட நாள் டைரக்ட் பிலிருபின் ரத்தத்தில் தேங்கியிருக்கும்போது, அதில் ஒரு பங்கு அல்புமினோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது. டெல்டா பிலிருபின் என்று இதைச் சொல்வார்கள். பிணையாத டைரக்ட் பிலிருபின், வழி திறந்ததும் சீக்கிரம் வெளியேறிவிடும். பிணைந்தது அப்படிப் போகாது. அல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரக வடிகட்டியையும் தாண்டாது, சிறுநீரை நிறமாக்காது. அந்த அல்புமின் மூலக்கூறு எவ்வளவு காலம் ரத்தத்தில் சுற்றுகிறதோ அவ்வளவு காலம் அதுவும் சுற்றும்.

ரிப்போர்ட்டில் இதுவும் டைரக்ட் கணக்கிலேயே சேர்ந்து வருவதால், எண் மெதுவாக இறங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மேலே சொன்ன 48 வயதுப் பெண்ணுக்கு முதல் சில நாளில் 7.8 பாதியாகக் குறைந்து, மீதி இறங்க மூன்று நான்கு வாரம் எடுத்தால் அது எதிர்பார்க்க வேண்டியதே. இறங்கிய எண் மறுபடி ஏறினாலோ, சிறுநீர் மறுபடி கருத்தாலோ, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்காமல் நின்றாலோ மட்டும் நாளத்தை இன்னொரு முறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.